ஆட்டம் முடிந்த பிறகும் பேசுகிறாள், இது காதலா?

கேள்வி: எனக்கு 26 வயது. ஈரோட்டில் ஒரு நிதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. ஒன்றரை வருடமாக பி.ஜி.எம்.ஐ. என்ற மொபைல் துப்பாக்கிச் சண்டை கேம் ஆடும் எங்கள் ஸ்குவாடில் ஒரு பெண் இருக்கிறாள். சொந்த ஊர் சேலம் பக்கம், வேலை பெங்களூரில். இரவு பத்து மணிக்கு ஆட ஆரம்பிப்போம். மற்ற இருவரும் பன்னிரண்டு மணிக்குப் போய்விடுவார்கள். நாங்கள் இருவரும் டிஸ்கார்ட் என்ற வாய்ஸ் ஆப்பில் இரண்டு மணி வரை பேசுவோம். அப்பாவின் சர்க்கரை நோய், ஆபீஸ் சண்டை எல்லாவற்றையும் என்னிடம் சொல்வாள். தெரியாதவர்கள் இருந்தால் மைக்கையே ஆன் செய்ய மாட்டாள். கேமில் 'பார்ட்னர்' ரிக்வெஸ்ட் அனுப்பியதும் அவள்தான். வீடியோவில் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். போன மாதம் ஸ்குவாடில் சேர்ந்த புதிய பையனுடன் அவள் டுயோவாக, இருவர் மட்டும் சேர்ந்து ஆடியபோது எனக்குத் தூக்கமே வரவில்லை. அவள் பேச்சில் கொஞ்சம் ரெக்கார்ட் செய்து நண்பனுக்குப் போட்டுக் காட்டினேன். 'இது லவ்தான்டா' என்றான். வீட்டில் எனக்குப் பெண் பார்க்கிறார்கள். அவள் பிறந்தநாளன்று சொல்லாமல் பெங்களூர் போய் நேரில் காதலைச் சொல்லிவிடலாமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

பெங்களூருக்கு டிக்கெட் போடுவதைச் சற்றுத் தள்ளி வையுங்கள். உங்கள் கடிதத்திலிருந்து இரண்டு செய்திகளை என்னால் உறுதியாகச் சொல்ல முடிகிறது. உங்கள் இருவருக்கும் இடையில் உள்ள நெருக்கம் உண்மையானது. 'வெறும் கேம் பழக்கம்' என்று யாராவது தள்ளிவிட்டால் அதை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. உங்கள் மனத்தில் காதல் இருப்பதும் தெளிவு. அவர் மனத்தில் அது இருக்கிறதா என்பதற்கு மட்டும் நீங்கள் எழுதிய எதுவும் விடை தரவில்லை. இல்லை என்று நான் சொல்லவில்லை. நீங்கள் ஆதாரம் என்று நினைப்பவை ஆதாரங்கள்தாமா என்று முதலில் பார்ப்போம்.

இத்தனை மணி நேரப் பேச்சு எங்கிருந்து வருகிறது

உங்கள் கேமின் எராங்கெல் மேப்பில் ஒரு ஆட்டம் ஏறக்குறைய அரை மணி நேரம் ஓடும். அதில் சண்டை நடக்கும் நேரம் மிகவும் குறைவு என்பது உங்களுக்கே தெரியும். குதித்து இறங்கியபின் வீடு வீடாக ஆயுதமும் கவசமும் பொறுக்கி லூட் எடுக்கும்போதும், ஆடும் எல்லையான ஜோன் சுருங்கக் காத்திருக்கும்போதும், ஜீப்பில் மேப்பைக் கடக்கும்போதும் கைக்கு வேலை இருக்கும், வாய்க்கு இருக்காது. 'லெவல் த்ரீ வெஸ்ட் இங்க இருக்கு, எடுத்துக்கோ' என்பதற்கும் 'அப்பாவுக்கு இன்னிக்கு சுகர் முந்நூறு' என்பதற்கும் இடையில் எந்த முன்னுரையும் தேவைப்படாத ஒரு பேச்சு அங்கே உருவாகிறது. திண்ணையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிக்கும் இரண்டு பேர், எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் சொல்ல மாட்டாத விஷயங்களைச் சொல்லிக்கொள்வார்களே, அதே வகைப் பேச்சுதான். கண்கள் வேறு எங்கோ இருக்கின்றன. மௌனம் வந்தால் யாருக்கும் சங்கடம் இல்லை. பேச்சு கனத்துவிட்டால் 'எனிமி, 240-ல' என்று எதிரி இருக்கும் திசையைச் சொல்லி அதிலிருந்து நகர்ந்துவிடலாம். இந்த வசதி கூச்ச சுபாவம் உள்ளவரையும் பேச வைக்கும். எனவே நான்கு மணி நேரம் பேசினீர்கள் என்றால், அந்தச் சூழல் உங்கள் இருவருக்கும் பொருந்துகிறது என்பதே அதிலிருந்து முதலில் கிடைக்கும் பொருள்.

இதோடு படபடப்பும் சேர்கிறது. கடைசி ஜோனில் நீங்கள் நாக் ஆகி, அடிபட்டு விழுந்து கிடக்கையில் அவர் மறைப்புக்கு ஸ்மோக் போட்டுவிட்டு வந்து ரிவைவ் செய்து எழுப்புகிற அந்த நொடிகளில் உங்கள் இதயம் வேகமாக அடிக்கிறது. உடல் படபடக்கும்போது அருகில் இருப்பவர் மீது மனம் கூடுதலாக ஈர்க்கப்படலாம் என்று உளவியலில் வெகுகாலமாகப் பேசப்படுகிறது. 1974-இல் டட்டன், ஆரன் என்ற இரு ஆய்வாளர்கள் கனடாவில் ஆடும் தொங்குபாலம் ஒன்றில் செய்த சோதனை இதில் புகழ்பெற்றது. அந்தப் பாலத்தில் ஒரு பெண்ணிடம் பேசிய ஆண்கள், உறுதியான தாழ்ந்த பாலத்தில் பேசியவர்களைக் காட்டிலும் அதிகமாக, பிறகு அந்தப் பெண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தார்கள். உங்கள் உணர்வு பொய் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இரவு பன்னிரண்டு மணிக்கு, மூன்று ஆட்டம் ஜெயித்து 'சிக்கன் டின்னர்' அடித்த பிறகு மனம் எடுக்கும் அளவீட்டை, ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மூன்றாவதாக, குரல் மட்டும் தெரியும் உறவில் விடுபட்ட இடங்களை நாமே நிரப்பிக்கொள்கிறோம். பெரும்பாலும் நமக்குப் பிடித்த விதத்தில் நிரப்புகிறோம். நேரில் பார்க்காமல் வளரும் உறவு சில வேளைகளில் நேரில் வளரும் உறவைவிட ஆழமாகத் தோன்றுவது இதனால்தான் என்று ஜோசப் வால்தர் என்ற தகவல்தொடர்பு ஆய்வாளர் 1996-இல் எழுதினார். உங்கள் தோழி கோபத்தில் கதவை எப்படிச் சாத்துவார், ஓட்டலில் பரிமாறுபவரிடம் எப்படிப் பேசுவார், காய்ச்சல் வந்தால் எப்படி இருப்பார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. அவருக்கும் உங்களைப் பற்றித் தெரியாது. ஒன்றரை ஆண்டில் ஒரே ஒரு முறை முகம் பார்த்திருக்கிறீர்கள் என்பதை நீங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கண்ணில் பட்டது.

நீங்கள் ஆதாரமாகக் காட்டுபவை

தெரியாதவர்கள் முன் அவர் மைக் ஆன் செய்வதில்லை, உங்களிடம் மட்டும் பேசுகிறார் என்பதை நீங்கள் காதலின் அடையாளமாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பெண்கள் ரேண்டம் ஸ்குவாடில் வாய் திறந்தால் என்ன நடக்கும் என்பதை ஆடுகிறவர் என்ற முறையில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். 'ஏய், பொண்ணுடா' என்பதில் தொடங்கி, இன்ஸ்டா ஐடி கேட்டு, கொடுக்காவிட்டால் கெட்ட வார்த்தையில் முடியும். அதனால்தான் பல பெண்கள் பெயரையே ஆண் பெயராக வைத்துக்கொண்டு, குரல் காட்டாமல், குவிக் சாட் பொத்தான்களை மட்டும் அழுத்தி ஆடுகிறார்கள். அவர் உங்களிடம் மைக்கை ஆன் செய்கிறார் என்றால், உங்களைத் தொல்லை தராத மனிதர் என்று நம்புகிறார். இது உங்கள் குணத்துக்குக் கிடைத்த நல்ல சான்றிதழ். இந்த நம்பிக்கை காதலாக மாறவும் கூடும். மாறாமல் இப்படியே நீடிக்கவும் கூடும். ஆனால் இதைக் காதல் என்று எடுத்துக்கொண்டு நீங்கள் தடாலடியாக நடந்தால், அவருக்குப் பாதுகாப்பாக இருந்த ஓர் இடம் போய்விடும்.

'பார்ட்னர்' விஷயத்துக்கு வருவோம். கேம் உங்களை அந்த இடத்துக்குக் கொண்டுபோகவே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. சேர்ந்து ஆட ஆட சினர்ஜி என்ற நெருக்கப் புள்ளி ஏறுகிறது. ஏறியபின் அந்த உறவுக்கு ஒரு பெயர் வைக்கச் சொல்கிறது. அதில் கிடைக்கும் பேட்ஜுக்காக அண்ணன் தங்கைகளும் அலுவலக நண்பர்களும்கூட 'பார்ட்னர்' வைத்திருப்பதைப் பார்க்கலாம். அவர் அனுப்பிய அன்று என்ன பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். 'எல்லாரும் வெச்சிருக்காங்க, நாமளும் வெச்சுக்கலாம்' என்று சிரித்தாரா, அல்லது அதைப் பற்றிப் பேசவே கூச்சப்பட்டாரா? பேட்ஜைவிட அந்த உரையாடல்தான் முக்கியம்.

புதிய பையனுடன் டுயோ ஆடியபோது வந்த தூக்கமின்மை, அவரைப் பற்றி எதையும் சொல்லவில்லை. உங்களைப் பற்றி நிறையச் சொல்கிறது. உங்களுக்குள் பேசி முடிவாகாத ஓர் உரிமையை நீங்கள் மனத்தளவில் எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். இது குற்றமில்லை, பலருக்கும் நடப்பதுதான். அடுத்த நாள் அவரிடம் முகம் கொடுக்காமல் பேசினீர்களா, 'பிஸி' என்று ஒற்றை வரியில் பதில் போட்டீர்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். போட்டிருந்தால், காரணம் தெரியாமல் ஒரு தண்டனையை அவர் அனுபவித்திருக்கிறார்.

நண்பரின் தீர்ப்பை ஒதுக்கிவிடலாம். நீங்கள் தேர்ந்தெடுத்துக் கொடுத்த சில நிமிடங்களை மட்டும் கேட்டு அவர் சொன்னது அது. ஆனால் அந்தப் பதிவு விஷயத்தில் நான் சற்றுக் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. அப்பாவின் நோயைப் பற்றி அந்தப் பெண் நடு இரவில் சொன்னதை, அவருக்குத் தெரியாமல் மூன்றாவது ஆள் கேட்டிருக்கிறார். நாளை அவர் உங்கள் வாழ்க்கைத் துணையாகவே வந்தாலும் இதை மன்னிப்பது அவருக்கு எளிதாக இருக்காது. உங்கள் கைப்பேசியிலும் நண்பரின் கைப்பேசியிலும் அவற்றை இன்றே அழித்துவிடுங்கள். வாட்ஸ்அப் பேக்கப்பையும் பாருங்கள்.

ஆட்டம் இல்லாத நேரத்தைப் பாருங்கள்

அப்படியானால் எதைப் பார்ப்பது? இப்படிப்பட்ட கடிதங்களுக்கு நான் ஒரே வழியைத்தான் சொல்வது வழக்கம். கேம் இல்லாத நேரத்தில் இந்த உறவு என்னவாக இருக்கிறது என்று பாருங்கள். சர்வர் மெயின்டனன்ஸ் நடந்த நாளில், அவர் சேலத்துக்குப் பண்டிகைக்குப் போன வாரத்தில், உங்களுக்கு மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் நெருக்கடி இருந்தபோது அவர் என்ன செய்தார்? அவராக அழைத்தாரா, அல்லது ஆட்டம் தொடங்கியதும் விட்ட இடத்திலிருந்து பேச்சும் தொடங்கியதா? இரண்டாவதுதான் என்றால், உறவு பெரும்பாலும் ஆட்டத்தைச் சார்ந்து நிற்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் தன் கவலைகளைச் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கவலைகளை அவர் கேட்டறிவதாக ஒரு வரிகூட இல்லை. எழுத விட்டுப்போயிருக்கலாம். மனபாரத்தை இறக்கி வைக்க ஒருவர் கிடைத்தால் மனிதர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். அது நன்றியும் பாசமும் கலந்த உறவு. காதல் கொண்டவருக்கு எதிரில் இருப்பவரின் சின்னச் சின்ன விவரங்களில் ஒரு தீராத ஆர்வம் இருக்கும். உங்கள் அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, அந்த மேனேஜர் பிறகு என்ன சொன்னார் என்று அவர் தானாகக் கேட்டிருந்தால் அதற்கு எடை உண்டு. தன் அக்காவிடமோ ரூம்மேட்டிடமோ உங்களைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தியிருந்தால் இன்னும் எடை உண்டு. வருங்காலத்தைப் பற்றிப் பேசும்போது, 'எனக்கு வீட்ல வரன் பார்க்கிறாங்க' என்று நண்பனிடம் சொல்வது போல இயல்பாகச் சொல்லிவிட்டுப் போகிறாரா, சொல்லிவிட்டு உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறாரா என்பதிலும் கொஞ்சம் தெரியும். இவை எவையும் உறுதியான சான்றுகள் இல்லை. ஆனாலும் பேட்ஜைவிடவும் மணிக்கணக்கைவிடவும் நம்பத்தகுந்தவை.

அடுத்த மூன்று வாரங்களுக்கு ஒரு சிறு மாற்றம் செய்யுங்கள். வாரம் ஒரு நாள், பகல் வெளிச்சத்தில், கேம் இல்லாமல் வீடியோவில் அரை மணி நேரம் பேசலாமா என்று கேளுங்கள். 'எப்பவும் நைட்ல கேம் ஆடிட்டேதான் பேசறோம், ஒரு நாள் சும்மா பேசலாமா?' என்பது போதும். அவர் மகிழ்ச்சியாக ஒப்புக்கொண்டு, அந்த அரை மணி நேரம் இழுத்துக்கொண்டு போனால் நல்லது. ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் சொல்லித் தட்டிக் கழித்தால், ஆட்டத்தின் எல்லைக்குள் இருப்பதே அவருக்கு வசதியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது முறைக்கு மேல் கேட்காதீர்கள். இந்தப் பேச்சு உங்களுக்கும் ஒரு சோதனை. கையில் ஆட்டம் இல்லாமல் அவர் முகத்தைப் பார்த்துப் பேசும்போது உங்கள் ஈர்ப்பு கூடுகிறதா குறைகிறதா என்று நேர்மையாகக் கவனியுங்கள். குறைந்துபோனவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

சொல்வதென்றால் எப்படிச் சொல்வது

பிறந்தநாள் பயணம் வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. இதுவரை நேரில் பார்க்காத ஆண், முகவரியை எப்படியோ தெரிந்துகொண்டு, தங்கியிருக்கும் இடத்தின் வாசலில் வந்து நின்றால் ஒரு பெண்ணுக்கு முதலில் வரும் உணர்ச்சி பயம்தான். பயந்துகொண்டே சிரிப்பார், அதை நீங்கள் சம்மதம் என்று நினைப்பீர்கள். பிறந்தநாளில், அறைத் தோழிகள் சூழ்ந்திருக்கும்போது 'இல்லை' என்று சொல்லும் வாய்ப்பையே அவரிடமிருந்து பறித்துவிடுகிறீர்கள். சந்திப்பதென்றால் முன்கூட்டிக் கேட்டு, அவர் சொல்லும் பொது இடத்தில், பகலில், விரும்பினால் தோழியுடன் அவர் வரும்படி சந்தியுங்கள்.

காதலைச் சொல்வதை ஸ்குவாட் வாய்ஸில், தோற்றுப்போன கோபத்தில், இரவு ஒரு மணிக்கு மேல், நண்பரைத் தூது விட்டு என்று எந்த வகையிலும் செய்ய வேண்டாம். இருவரும் ஓய்வாக இருக்கும் ஒரு நேரத்தில் குரலிலோ வீடியோவிலோ இப்படிச் சொல்லலாம்: 'உங்கிட்ட பேசறது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. என் பக்கம் இது நட்பைத் தாண்டிப் போயிருக்கு. உனக்கும் அப்படி இருக்கான்னு எனக்குத் தெரியாது, இருக்கணும்னு கட்டாயமும் இல்லை. இப்பவே பதில் சொல்ல வேண்டாம். இல்லைன்னு சொன்னாலும் ஸ்குவாட்ல உன் இடம் அப்படியேதான் இருக்கும்.' கடைசி வாக்கியத்தைக் காப்பாற்ற முடியும் என்றால் மட்டும் சொல்லுங்கள். முடியாது என்று தெரிந்தால், 'இல்லைன்னா நான் கொஞ்ச நாள் ஆடாம இருப்பேன், அது உன் மேல கோபம் இல்லை' என்று உண்மையைச் சொல்லிவிடலாம்.

'கேட்டால் நட்பே போய்விடும்' என்ற பயம் உங்களுக்கு இருக்கக்கூடும். ஒரு முறை மரியாதையாகக் கேட்டதால் முறியும் நட்புகள் குறைவு. கேட்டபின் வந்த பதிலை ஏற்காமல், வாரம் ஒரு முறை வேறு வேறு விதத்தில் திரும்பக் கேட்பதால்தான் பல நட்புகள் முறிகின்றன.

வரக்கூடிய பதில்கள்

'எனக்கும்தான்' என்று வந்தால், அடுத்த படி கல்யாணப் பேச்சு ஆகாது. நான்கைந்து முறையாவது நேரில் சந்தித்துப் பழகுவது. குரலாக மட்டும் தெரிந்த இருவர் நேரில் பழகும்போது முதல் சந்திப்புகள் கொஞ்சம் சப்பென்று இருக்கும். அதைக் கண்டு இருவரும் பதற வேண்டாம்.

'யோசிக்கணும்' என்றால் யோசிக்க விடுங்கள். அந்த நாட்களில் வழக்கமான ஆட்டம் நடக்கட்டும். காதல் பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள். ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை, பேச்சும் குறைந்திருக்கிறது என்றால் அதை 'இல்லை' என்றே வாசியுங்கள். நம் ஊரில் பெண்கள் பலர் 'இல்லை' என்பதை இப்படித்தான் சொல்கிறார்கள். நேரடியாகச் சொன்னால் எதிராளி எப்படி எடுத்துக்கொள்வார் என்ற அச்சம் அதற்குப் பின்னால் இருக்கிறது.

'உன்னை நல்ல நண்பனாகத்தான் பார்க்கிறேன்' என்றால் பேச்சு அங்கே முடிந்தது. 'பார்ட்னர்' பேட்ஜை எடுத்துவிடுவதா வைத்துக்கொள்வதா என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். நள்ளிரவுத் தனிப் பேச்சை சில வாரங்களாவது நிறுத்துங்கள். மனம் ஆறுவதற்கு அது தேவை. இங்கே சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு, ஒரு பெண் தெளிவாக விருப்பமின்மை காட்டிய பிறகும் ஓர் ஆண் அவரைத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்ள முயல்வதையும், இணையத்தில் அவருடைய நடமாட்டத்தைக் கண்காணிப்பதையும் குற்றம் என்கிறது. முதல் முறை குற்றம் உறுதியானால் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பிளாக் செய்தபின் புதிய ஐடியில் ரிக்வெஸ்ட் அனுப்புவது, அவர் ஆன்லைனில் யாருடன் ஆடுகிறார் என்று வேறு கணக்கில் பார்த்துக்கொண்டே இருப்பது ஆகியவற்றை 'லவ்ல இதெல்லாம் சகஜம்' என்று ஆறுதலாகச் சொல்லும் நண்பர்கள் இருப்பார்கள். அவர்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு உங்களுடன் வரமாட்டார்கள். நீங்கள் அப்படிச் செய்பவர் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் சொல்லாமல் ஊருக்குப் போவதும், பேச்சைப் பதிவு செய்வதும் அந்தத் திசையில் வைக்கும் முதல் அடிகள் என்பதால் சொல்கிறேன்.

வீட்டில் நடக்கும் பெண் பார்க்கும் படலம்

இதில் நீங்கள் பொறுப்பேற்க வேண்டிய இன்னொரு பெண்ணும் இருக்கிறார். அவர் யார் என்பதே உங்களுக்கு இன்னும் தெரியாது. ஒருவரை மனத்தில் வைத்துக்கொண்டு இன்னொருவர் வீட்டில் போய் பஜ்ஜி, சொஜ்ஜி சாப்பிட்டு வருவது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் அநியாயம். பெற்றோரிடம் கேம், டிஸ்கார்ட் என்றெல்லாம் விளக்கத் தேவையில்லை. 'மூணு மாசம் பொறுங்க, எனக்கு ஒரு விஷயம் தெளிவாகணும், அப்புறம் நானே சொல்றேன்' என்று கேளுங்கள். அந்த மூன்று மாதத்துக்குள் மேலே சொன்னபடி நீங்கள் கேட்டு, பதிலும் வாங்கியிருக்க வேண்டும். வரன் பேச்சை உங்கள் பெங்களூர் தோழியிடம் ஒரு நெருக்கடியாகப் பயன்படுத்தாதீர்கள். 'சீக்கிரம் சொல், இல்லேன்னா எனக்குக் கல்யாணம் பண்ணிடுவாங்க' என்ற வாக்கியம் ஒருவரை முடிவெடுக்க வைக்காது. தப்பித்து ஓட வைக்கும்.

கடைசியாகத் தூக்கம். இரண்டு மணிக்குப் படுத்து எட்டு மணிக்கு அலுவலகம் கிளம்பும் வாழ்க்கையை ஒன்றரை ஆண்டாக வாழ்கிறீர்கள். தூக்கம் கெட்ட மூளைக்கு எல்லா உணர்ச்சியும் இரட்டிப்பாகத்தான் தெரியும். பொறாமையும் அதில் சேர்த்திதான். இந்த வாரம் முதல் பன்னிரண்டு மணிக்கு எழுந்துவிடுங்கள். காரணம் கேட்டால் 'காலையில வேலைக்குப் போக முடியல' என்று உண்மையைச் சொல்லுங்கள். பதில் எதுவாக வந்தாலும், அதன்பின் இரண்டு மூன்று வாரம் சாப்பாடு இறங்கவில்லை, வேலையில் கணக்கு தப்புகிறது, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் தனியாகச் சமாளிக்காதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-க்கு எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். ஈரோடு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் நேரில் போகலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றைக்கே அழையுங்கள்.